உதட்டில் குண்டூசி: வசனமில்லாத எட்டு நிமிடக் கதையை எழுதுவது

"அண்ணா, எட்டு நிமிடக் குறும்படம் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். கொட்டாஞ்சேனையில் தையல்கடை வைத்திருக்கும் அப்பா, வெளிநாடு போகத் தீர்மானித்துவிட்ட மகன். அப்பாவுக்கு அதில் விருப்பமில்லை. இருவரும் பேசிக்கொள்வதில்லை. போகிற அன்று சமாதானமாகிறார்கள். வசனமே வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஆனால் எழுதியதை வாசித்துப் பார்த்தால், வாயைக் கட்டிவிட்டதுபோல எல்லோரும் கைகாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அப்பாவின் மனதில் இருப்பதை எப்படிக் காட்டுவது?"

நீங்கள் மனதுக்குள் முதலில் வசனத்தை எழுதியிருக்கிறீர்கள். பிறகு அதை அழித்துவிட்டு, அழித்த இடத்தில் சைகையை வைத்திருக்கிறீர்கள். கைகாட்டல் அங்கிருந்துதான் வருகிறது. "ஏன் போகிறாய்?" என்று அப்பா கேட்க வேண்டிய இடத்தில் அவர் கையை விரிக்கிறார். "எனக்கு இங்கே என்ன இருக்கிறது?" என்று மகன் கேட்க வேண்டிய இடத்தில் அவன் தலையை ஆட்டுகிறான். பார்ப்பவர் அந்தச் சைகையைத் திரும்ப வசனமாக்கிக்கொள்ளப் பாடுபடுகிறார். வசனமில்லாத படத்தில் ஆட்கள் ஒருவருக்கொருவர் எதையும் சொல்ல முயலக் கூடாது. அவரவர் வேலையைச் செய்ய வேண்டும். அதைச் செய்யும் விதத்தில் கதை தெரிய வேண்டும்.

அப்பாவைத் தையற்காரராக வைத்தது நல்ல காரியம். அது கையால் செய்யும் வேலை, படிப்படியாக நடக்கும் வேலை, ஒவ்வொரு படியும் கண்ணுக்குத் தெரியும் வேலை. ஆகவே உங்கள் கதையையே எடுத்துக்கொண்டு நான் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பேன் என்று சொல்கிறேன். பிடிக்காததை விட்டுவிடுங்கள்.

முதலில், இவர்கள் ஏன் பேசவில்லை? படம் தொடங்கி அரை நிமிடத்துக்குள் இந்தக் கேள்வி பார்ப்பவர் மனதில் எழும். கோபம் என்ற காரணம் அப்பாவுக்கும் மகனுக்கும் மட்டுமே பொருந்தும். கடைக்கு வரும் வாடிக்கையாளரும் பேசாமல் போனால் படம் செயற்கையாகிவிடும். கண்ணாடிக்குப் பின்னால் வாயசைவதைக் காட்டி ஒலியை மட்டும் நிறுத்திவிடுவது பலர் செய்யும் தந்திரம். ஆனால் அங்கே வசனம் இருந்தது, நமக்குத் தரவில்லை என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். பேச்சு இயல்பாகவே இல்லாத நேரங்களைத் தேர்ந்தெடுப்பதுதான் நேரான வழி. தையல்கடையில் அப்படி ஒரு நேரம் இருக்கிறது. அளவெடுத்து ஊசி குத்தும்போது தையற்காரர் குண்டூசிகளை உதட்டுக்கிடையில் வைத்திருப்பார். அவரால் பேச முடியாது. நிற்பவரும் ஊசி குத்திவிடுமோ என்று அசையாமல் நிற்பார்.

இந்தக் குண்டூசியை நான் விடமாட்டேன். தொடக்கத்தில் அது வேலைக்காக உதட்டில் இருக்கட்டும். அடுத்த முறை அப்பா சும்மா உட்கார்ந்திருக்கிறார், வேலை எதுவும் இல்லை. மகன் உள்ளே வருவதைப் பார்க்கிறார். மேசையிலிருந்து இரண்டு குண்டூசிகளை எடுத்து உதட்டில் வைத்துக்கொள்கிறார். "உன்னோடு நான் கதைக்கமாட்டேன்" என்ற வசனத்துக்கு இதைவிட நல்ல மாற்று எனக்குத் தெரியவில்லை. அவர் அதை மகனுக்குக் காட்டுவதற்காகச் செய்யவில்லை, தனக்கு ஒரு வேலி போட்டுக்கொள்கிறார். சைகைக்கும் செயலுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

அடுத்து, பார்ப்பவருக்குக் கட்டாயம் தெரிய வேண்டியவை எவை என்று ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் கதையில் மூன்றுதான். இவர்கள் அப்பாவும் மகனும். மகன் வெளிநாடு போகப்போகிறான். அப்பா அவனைக் கடையில் தன்னுடன் வைத்துக்கொள்ள நினைத்திருந்தார். இந்த மூன்றையும் வசனம் மூன்று வரியில் சொல்லிவிடும். படத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு செயல் தேட வேண்டும்.

அப்பாவும் மகனும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள், எழுதுபவருக்கு அது முன்பே தெரிந்திருப்பதால். கடையில் ஒரு வயதானவரும் ஒரு இளைஞனும் இருந்தால் முதலாளியும் வேலையாளும் என்றுதான் நினைப்போம். சுவரில் குடும்பப் படம் மாட்டுவது சோம்பல். வேலையாள் ஒருபோதும் செய்ய முடியாத ஒரு காரியத்தை மகன் செய்ய வேண்டும். ஆணியில் அப்பாவின் சட்டை தொங்குகிறது. மகன் போகிற போக்கில் அதன் பையில் கைவிட்டு ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்துக்கொண்டு வெளியே போகிறான். அப்பா பார்க்கிறார், தைப்பதை நிறுத்தவில்லை. நான்கு விநாடியில் உறவு தெரிந்துவிட்டது. அவர்கள் பேசிக்கொள்ளாதிருந்தும் அந்தப் பை இன்னும் திறந்தே இருக்கிறது என்பதும் கூடவே வந்துவிடுகிறது.

வெளிநாடு என்பதற்குக் கடவுச்சீட்டைக் காட்டத் தோன்றும். எழுத்தை வாசிக்க வைக்கும் எதையும் தவிர்க்கப் பாருங்கள். கடிதம், தொலைபேசியில் வரும் குறுஞ்செய்தி, விமானச் சீட்டு எல்லாம் மாறுவேடம் போட்ட வசனங்கள். கட்டுநாயக்காவுக்கு ஒருவரை அனுப்பிவைத்த எந்த வீட்டுக்கும் தெரிந்த ஒரு காட்சி இருக்கிறது. எடை பார்க்கும் தராசில் முதலில் வெறுமனே ஏறி நிற்பார்கள். பிறகு பயணப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். முகம் சுளிப்பார்கள். பெட்டியைத் திறந்து ஏதோ ஒன்றை வெளியே எடுத்துவிட்டு மறுபடி ஏறுவார்கள். முள் எந்த எண்ணில் நிற்கிறது என்பது கூடத் தேவையில்லை. இவன் விமானம் ஏறப்போகிறான் என்பது பிழையில்லாமல் விளங்கும்.

இனி முக்கியமான கேள்வி: மகன் பெட்டியிலிருந்து வெளியே எடுப்பது என்ன? புத்தகம் என்றால் ஒன்றுமில்லை. மிளகாய்த்தூள் பொதி என்றால் சிரிப்பு. அப்பா தைத்துக் கொடுத்த சட்டைகள் என்றால் கதை நகர்கிறது. அவன் வெறுப்பினால் எடுக்கவில்லை, பெட்டி பாரம், அவ்வளவுதான். ஆனால் கடைக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள திரைச்சீலை விலகிய இடத்தில் அப்பா நின்று அதைப் பார்க்கிறார். ஒரே செயல் இருவருக்கும் இரண்டு விதமாகப் பொருள்படுகிறது. வசனம் இருந்தால் மகன் உடனே விளக்கம் சொல்லியிருப்பான். இங்கே விளக்கம் சொல்ல வழியில்லை, அதனால் காயம் ஆழமாகிறது.

மூன்றாவது, அப்பாவின் எதிர்பார்ப்பு. கடையில் இரண்டு தையல் மெஷின்கள் வையுங்கள். இரண்டாவதில் யாரும் தைப்பதில்லை. ஆனால் காலையில் கடையைத் திறந்ததும் அப்பா இரண்டுக்கும் எண்ணெய் விட்டுத் துடைக்கிறார், இரண்டாவதற்கும் ஊசியில் நூல் கோத்து வைக்கிறார். மகன் சட்டைகளை வெளியே எடுத்ததைப் பார்த்த அன்று மாலை, அப்பா ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து அந்த இரண்டாவது மெஷினை மூடுகிறார். இதற்கு மேல் அந்த மெஷினைத் தொடாதீர்கள். அதை மறுபடி கொண்டுவந்து உறையை நீக்கி முடிக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. ஆனால் மகன் கடைக்குத் திரும்பி வரப்போவதில்லை, உறையை நீக்கினால் பொய்யாகிவிடும்.

இப்போது கதையின் நெஞ்சுக்கு வருகிறோம். அப்பா மனம் மாறியதை எப்படிக் காட்டுவது? இதற்குத் தொழிலுக்குள்ளேயே ஒரு வழக்கம் இருக்கிறது. பாடசாலைப் பிள்ளைக்குக் காற்சட்டை தைக்கும்போது தையற்காரர் கால் முனையில் துணியை அதிகமாக விட்டு உள்ளே மடித்துத் தைப்பார். பெரியவர்களுக்கு இரண்டு விரல் மடிப்பு போதும். பிள்ளைக்கு நான்கு விரல் விடுவார்கள். பிள்ளை வளர வளர மடிப்பைப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். இறக்கிய இடத்தில் பழைய மடிப்பின் கோடு தெரியும். கோட்டுக்கு மேலே துணி வெளுத்திருக்கும், கீழே புதிதாக இருக்கும்.

இந்த வழக்கத்தைப் பார்ப்பவருக்கு மூன்று தடவை காட்டுங்கள். முதல் தடவை ஒரு தாய் சிறுவனோடு வருகிறாள். சிறுவன் போட்டிருக்கும் நீலக் காற்சட்டை முழங்காலுக்கு வெகு மேலே நிற்கிறது. அப்பா முழந்தாளிட்டு, அதன் மடிப்பைப் பிரித்து இறக்குகிறார், பழைய கோடு தெரிகிறது. பிறகு சிறுவனுக்குப் புதிய துணியில் வெட்டும்போது சோக்கால் ஒரு கோடு, அதற்கு நான்கு விரல் கீழே இன்னொரு கோடு, கீழ்க்கோட்டில் கத்தரிக்கோல். இரண்டாவது தடவை அலுவலகம் போகும் ஒருவரின் காற்சட்டை: ஒரு கோடு, இரண்டு விரல் கீழே இன்னொன்று, வெட்டு. இதைச் சட்டென்று முடித்துவிடுங்கள். ஆனால் இல்லாமல் விடாதீர்கள். இது இல்லாவிட்டால் நான்கு விரல்தான் எல்லோருக்குமான அளவு என்று பார்ப்பவர் நினைத்துவிடுவார், மூன்றாவது தடவைக்குப் பொருளே இருக்காது.

மூன்றாவது தடவை இரவு. அப்பா மகனுக்கு ஒரு நீளக் காற்சட்டை தைக்கிறார். ஏன் காற்சட்டை? உடுத்திக்கொண்டு போகும் உடுப்பைத் தராசில் வைத்து எடை பார்ப்பதில்லை. மகன் வெளியே எடுத்துவைக்க முடியாத ஒன்றை அப்பா தைக்கிறார். இதை எல்லோரும் கவனிக்கமாட்டார்கள், கவனிப்பவர்களுக்கு இருக்கட்டும். அந்தக் காட்சியை நான் இப்படி எழுதுவேன்:

காட்சி 5. தையல்கடை. உள்ளே. இரவு.

மேசையில் கறுப்புத் துணி. அதன்மேல் மகனின் பழைய நீளக் காற்சட்டை.

அப்பா பழைய காற்சட்டையின் கால் முனையை ஒட்டி, துணியில் சோக்கால் ஒரு கோடு இழுக்கிறார்.

பழையதை எடுத்து ஓரமாக வைக்கிறார்.

இரண்டு விரலை வைத்துப் பார்த்து, கீழே இன்னொரு கோடு.

கத்தரிக்கோல் அந்தக் கோட்டில் வந்து நிற்கிறது. வெட்டவில்லை.

உள்ளே பயணப்பெட்டியின் சிப் இழுபடும் ஓசை.

கத்தரிக்கோலைக் கீழே வைக்கிறார். சோக்கை எடுக்கிறார்.

முதற்கோட்டிலிருந்து நான்கு விரல். மூன்றாவது கோடு.

அதில் வெட்டுகிறார்.

இதில் அப்பாவின் முகத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனியுங்கள். "அப்பா மனம் நெகிழ்கிறார்" என்று எழுதினால் அதைப் படம்பிடிக்க முடியாது. நடிகர் ஏதோ ஒன்றை முகத்தில் வரவழைப்பார், அது பெரும்பாலும் அதிகமாகிவிடும். நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர் ஒரு நடிகரின் உணர்ச்சியில்லாத முகத்தை எடுத்து, அதற்கு அடுத்து ஒரு கோப்பைச் சூப், ஒரு சவப்பெட்டி, ஒரு பெண் என்று வெவ்வேறு ஷாட்டுகளை ஒட்டிக் காட்டினார் என்பார்கள். முகம் ஒன்றேதான். பார்த்தவர்களுக்கு அதில் ஒருமுறை பசியும், ஒருமுறை துக்கமும், ஒருமுறை ஆசையும் தெரிந்ததாம். எழுதுபவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எளிது: முகத்தை எழுதாதீர்கள். அவர் எதைப் பார்க்கிறார், எதைக் கேட்கிறார், அதன் பிறகு கை என்ன செய்கிறது என்று எழுதுங்கள். பெட்டியின் சிப் ஓசைக்கும் சோக்கை எடுக்கும் கைக்கும் நடுவே என்ன நடந்தது என்பதைப் பார்ப்பவரே நிரப்பிக்கொள்வார்.

எழுத்தின் வடிவத்தையும் பார்த்திருப்பீர்கள். ஒரு வரி ஒரு பிம்பம். வரி முடிந்தால் ஷாட் மாறும் என்று வாசிப்பவருக்குத் தானாகவே தோன்றும், கேமரா எங்கே இருக்கிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எல்லாம் நிகழ்காலத்தில். "வழக்கமாக", "பல வருடங்களாக", "நினைத்துப் பார்க்கிறார்" போன்ற சொற்கள் வந்தால் அடித்துவிடுங்கள். கேமராவுக்கு அவை தெரியாது.

காலையில் மகன் புதிய காற்சட்டையைப் போடுகிறான். நீளம் கச்சிதமாக இருக்கிறது. காலுறை போடக் குனியும்போது விரலுக்குத் துணி தடிப்பாகப் படுகிறது. கால் முனையைத் திருப்பிப் பார்க்கிறான். நான்கு விரல் மடிப்பு, கையால் போட்ட நீளமான தையல், ஒரு இழுப்பில் பிரித்துவிடலாம். இருபத்துநான்கு வயது மகன் இனி வளரமாட்டான். அந்த மடிப்பு எதற்கு என்று அவனுக்கும் நமக்கும் ஒரே நேரத்தில் விளங்க வேண்டும். இந்த இடத்தில் முதல் தடவை வந்த சிறுவனைத் திரும்பக் காட்டிவிடாதீர்கள். கடந்த காட்சியை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது என்றால், முதலில் அதைச் சரியாகக் காட்டவில்லை என்று பொருள். அங்கே போய்த் திருத்துங்கள்.

கடைசிக் காட்சிக்கு நம் வழக்கம் ஒன்று உதவுகிறது. பயணம் போகிறவர் பெரியவர்களின் காலில் விழுந்து கும்பிட்டுப் புறப்படுவார். நீங்களும் அப்படித்தான் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் அப்பா தையற்காரர். மகன் பெட்டியோடு கடைவழியாக வெளியே வரும்போது அவர் கண் முதலில் போகும் இடம் காற்சட்டையின் கால் முனை. உதட்டில் குண்டூசியோடு எழுந்து வந்து, யாருக்கும் செய்வதுபோல முழந்தாளிட்டு, நீளம் சரியா என்று பார்க்கிறார். அப்பா மகனின் காலடியில் இருக்கிறார். இப்போது மகனால் காலில் விழ முடியாது. அவனும் தரையில் உட்காருகிறான். இருவரும் ஒரே உயரத்தில். அப்பா உதட்டிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்து ஊசிப்பஞ்சில் குத்துகிறார். இரண்டாவதையும் எடுத்துக் குத்துகிறார். வாய் இப்போது வெறுமையாக இருக்கிறது. அங்கே முடித்துவிடுங்கள். அவர் பேசப்போகிறார் என்று தெரிகிறது, என்ன பேசுவார் என்பது அவர்களுக்குரியது. மகன் அந்த நூறு ரூபாயைப் பையில் திரும்ப வைப்பது, அணைத்துக்கொள்வது, வாகனம் புறப்படுவது எதுவும் வேண்டாம்.

நேரக் கணக்கில் பலர் தடுக்கி விழுகிறார்கள். வசனமுள்ள திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்ற பழைய கணக்கு உண்டு. வசனமில்லாவிட்டால் அது உதவாது. "ஊசியில் நூல் கோக்கிறார்" என்பது மூன்றே சொல். வயதானவர் கோத்தால் இருபது விநாடி. ஆகவே கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு காட்சியையும் நீங்களே நடித்துப் பார்க்க வேண்டும். எட்டு நிமிடம் என்பது 480 விநாடி. நான் பங்கிட்டுப் பார்த்தது இது: கடையும் உறவும் 60 விநாடி, சிறுவனின் காற்சட்டை 80, தராசும் மெஷினை மூடுவதும் 90, அலுவலகக்காரர் 25, இரவு 90, காலையில் மடிப்பைக் காண்பது 45, கடைசிக் காட்சி 90. இதில் மகனின் நண்பர்களுக்கோ, விமான நிலையத்துக்கோ, அம்மாவுக்கோ இடமில்லை. அம்மா எங்கே என்று கேட்பார்கள் என்று பயந்து ஒரு காட்சி சேர்த்தால், அது இரவுக் காட்சியிலிருந்து நேரத்தைத் தின்னும். இரவுக் காட்சியில் கத்தரிக்கோல் நிற்கும் அந்த இடைவெளிக்கு மட்டும் ஆறேழு விநாடி வேண்டும்.

வசனம் இல்லை என்றால் ஓசையும் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்து 1987 இல் வந்த 'பேசும் படம்' முழுவதிலும் வசனம் கிடையாது, ஆனால் ஓசைகள் நிறைய உண்டு. உங்கள் படத்தில் தையல் மெஷின்தான் குரல். அது சீராக ஓடுவதைத் தொடக்கத்திலேயே காதுக்குப் பழக்கிவிடுங்கள். பிறகு மகன் உள்ளே வரும்போது ஒரு நொடி நின்று, முன்பைவிட வேகமாக ஓடினால் போதும். நேரத்தைச் சொல்லவும் ஓசை இருக்கிறது. தெருவில் சூன் பாண் முச்சக்கரவண்டியின் இசை கேட்டால் கொழும்பில் யாருக்கும் எழுத்துப் போட்டு நேரம் சொல்ல வேண்டியதில்லை. இவற்றையெல்லாம் திரைக்கதையிலேயே எழுதுங்கள். படத்தொகுப்பின்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த இடத்தை வயலின் வந்து பிடித்துக்கொள்ளும். குறிப்பாகச் சோக்கால் கோடிடும் மூன்று காட்சிகளிலும் பின்னணி இசை வேண்டாம். சோக் துணியில் உரசும் ஓசையும் கத்தரிக்கோலின் ஓசையும் அங்கே தெளிவாகக் கேட்க வேண்டும்.

எனக்கு நடந்த ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன், அது கொழும்பில் படம் எடுப்பவர் யாருக்கும் நடக்கக்கூடியது. என் முதல் குறும்படத்திலும் வசனம் இல்லை. அதில் ஒரு பெண் கணவனை இழந்தவள் என்பதைக் காட்ட அவளுக்கு வெள்ளைச் சேலை உடுத்தி, அதோடு அந்த விடயம் முடிந்தது என்று நினைத்தேன். வசனம் இல்லாததால் சிங்கள நண்பர்களுக்கும் அப்படியே போட்டுக் காட்டினேன். அவர்கள் அவள் விகாரைக்குப் போய்வருகிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள். போயா தினத்தில் அவர்கள் வீட்டுப் பெண்கள் வெள்ளை உடுத்துவது வழக்கம். நம் வீடுகளில் அது வேறு பொருள். படத்தின் பாதி அவர்களுக்கு விளங்கவே இல்லை. பிம்பத்துக்கு மொழி இல்லை என்று சொல்வார்கள். பிம்பத்துக்கும் மொழி இருக்கிறது, வழக்கத்தில் வந்த பொருள் எல்லோருக்கும் எட்டாது. சேலை நிறம், பொட்டு, விளக்கு ஆகியவற்றில் கதையின் பாரத்தை ஏற்றாதீர்கள். படத்துக்குள்ளேயே நீங்கள் கற்றுக்கொடுத்த பொருளில் ஏற்றுங்கள். காற்சட்டை மடிப்பை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். மடிப்பு என்றால் என்ன என்று முன்பே தெரிந்திராதவருக்கும் படமே முதல் மூன்று நிமிடத்துக்குள் சொல்லிக் கொடுத்துவிடுகிறது. காலில் விழும் வழக்கம் அப்படியில்லைதான். ஆனால் அது தெரியாதவருக்கும் இருவர் தரையில் உட்கார்ந்திருப்பது விளங்கும், தெரிந்தவருக்கு இன்னொரு அடுக்கு கூடுதலாகக் கிடைக்கும். அந்த அளவுக்கு வழக்கத்தை நம்பலாம்.

படப்பிடிப்புக்கு முன் இதைச் சோதித்துப் பார்க்க ஒரு மலிவான வழி உண்டு. நண்பர்களை நிற்கவைத்துத் தொலைபேசியில் இருபது, இருபத்தைந்து நிழற்படங்கள் எடுங்கள், காட்சிக்கு மூன்று அல்லது நான்கு. தரம் பற்றிக் கவலை வேண்டாம். திரைத்துறையோடு தொடர்பில்லாத ஒருவரிடம், முடிந்தால் ஒரு தமிழரிடமும் ஒரு சிங்களவரிடமும், ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுங்கள். நீங்கள் வாய் திறக்கக் கூடாது. முடிந்ததும் "விளங்கியதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். "என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் "முதலாளி ஏதோ கோபத்தில் இருக்கிறார்" என்றால் சட்டைப் பைக் காட்சி வேலை செய்யவில்லை. "பையன் துணி வியாபாரத்துக்குப் போகிறான்" என்றால் தராசுக் காட்சி வேலை செய்யவில்லை. "காற்சட்டை நீளமாகிவிட்டது போல" என்றால் மூன்று கோடுகளும் தெளிவாகத் தெரியவில்லை, பெரும்பாலும் துணியின் நிறமும் சோக்கின் நிறமும் ஒன்றோடொன்று கலந்திருக்கும். கறுப்புத் துணி என்று எழுதியது அதற்காகத்தான், சோக் வெள்ளையாக இருக்கட்டும். சிறுவனின் நீலத் துணியிலும் வெள்ளைச் சோக் நன்றாகத் தெரியும்.

இன்னொன்று. எழுதி முடித்ததும் உங்கள் பகுதியில் ஒரு உண்மையான தையற்காரரிடம் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஜம்பட்டா வீதிப் பக்கம் நடந்தாலே யாராவது கிடைப்பார். அவர் குண்டூசியை எந்தப் பக்க உதட்டில் வைக்கிறார், சோக்கை எப்படிப் பிடிக்கிறார், வெட்டும்போது துணியை எந்தக் கையால் அழுத்துகிறார் என்று பாருங்கள். மடிப்புக்கு அவர் விரலை வைத்து அளக்கிறாரா, அளவு நாடாவை வைக்கிறாரா என்றும் கேளுங்கள். அவர் நாடாதான் வைப்பவர் என்றால், விரல் என்று நான் எழுதியதை மாற்றிவிடுங்கள். நடிப்பவரின் கை அந்தக் கையைப்போல அசையாவிட்டால், வேலையைக் கொண்டு கதை சொல்லும் இந்தப் படத்தில் ஒன்றும் மிஞ்சாது. முடிந்தால் நெருக்கமான ஷாட்டுகளில் அந்தத் தையற்காரரின் கைகளையே பயன்படுத்துங்கள்.

தலைப்பை மட்டும் கடைசியில் வையுங்கள். உங்கள் படத்தில் நீங்கள் பயன்படுத்தப்போகும் ஒரே சொல் அதுதான். 'மடிப்பு' என்று வைத்தால் பார்ப்பவர் முதல் காட்சியிலிருந்தே கால் முனையைப் பார்த்துக்கொண்டிருப்பார், மகனுக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். 'அளவு' என்று வையுங்கள்.